துஷி "வேணாம்" எண்டு சொன்ன கதை

புள்ளைகள் எல்லாரும் கிட்ட வந்து இருங்க, இண்டைக்கு ஆரையம்பதி துஷிட கதை.

துஷிக்கு ஆறு வயசு. ஸ்கூல் விட்டா அம்மம்மா வீடுதான், அம்மா வேலைக்குப் போய் பின்னேரம்தான் வருவா. பக்கத்து வீட்டு மாமா ஒராள், சொந்தமில்ல ஆனா எல்லாரும் மாமா எண்டுதான் கூப்பிடுற, நல்லா பகிடி விடுவார், கச்சான் வாங்கிக் குடுப்பார், சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போவார்.

ஒருநாள் அம்மம்மா கிணத்தடில உடுப்பு கழுவக்குள்ள மாமா வந்து துஷிய மடில இழுத்து வச்சி இறுக்கிக் கட்டிப்புடிச்சார். துஷிக்கு விருப்பமில்ல, வயித்துக்குள்ள என்னமோ செஞ்சிச்சி. "விடுங்க மாமா" எண்டான். அவர் விடல்ல. "இது நம்மட ரகசியம், அம்மாக்கிட்ட சொன்னா கச்சான் இல்ல" எண்டார்.

(டீச்சர் இதில நிப்பாட்டுங்க. துஷி இப்ப என்ன செய்யலாம் எண்டு கேளுங்க. கடிக்கலாம் எண்டு ஒராள் கட்டாயம் சொல்லும், சிரிக்க விடுங்க.)

துஷி பலமா "வேணாம்! விடுங்க!" எண்டு கத்திட்டு இறங்கி கிணத்தடிக்கு ஓடினான். அம்மம்மா கை நிறைய சவுக்கார நுரையோட, "சும்மா இரு மனே, மாமா பகிடிக்கு" எண்டுட்டா. அழுகை வந்திச்சி, ஆனா அவன் விடல்ல. அம்மா வந்து பேக்க இறக்கி வைக்க முதலே எல்லாத்தையும் சொன்னான். அம்மா அப்பிடியே நிலத்தில குந்திக்கிட்டு கடைசி மட்டும் கேட்டா. "நீ சொன்னது நல்லம் மனே, உன்னில ஒரு பிழையும் இல்ல, இனி அவர் உன்னோட தனிய இருக்க நான் விடமாட்டன்."

இப்ப எல்லாரும் கைய விரிங்க. ஒவ்வொரு விரலுக்கும் நீங்க பயமில்லாம சொல்லக்கூடிய பெரியாக்கள் ஒராள். ஒரு விரலாவது வீட்டுக்கு வெளிய உள்ள ஆளா இருக்கோணும், டீச்சரும் சரி. முதல் ஆள் கேக்காட்டி அடுத்த விரல், அதுவும் கேக்காட்டி அதுக்கடுத்தது. ஜங்கி மறைக்கிற இடத்த ஒருத்தரும் விளையாட்டுக்குக் கூட தொட ஏலா. டொக்டர் பாக்கிறதெண்டா அம்மாவோ அப்பாவோ பக்கத்தில நிக்கோணும். பேர்த்டே கேக்கை ஒளிச்சி வைக்கிற மாதிரி ரகசியம் சரி, அது பிறகு எல்லாருக்கும் தெரியவரும். எப்பவுமே சொல்லக்கூடாது எண்டு ஒராள் சொன்னா, அத உடன சொல்லோணும்.

அம்மா அப்பாமாருக்கு

கதையில வாறவர் தெரியாத ஆளில்ல, அது வேணுமெண்டுதான். புள்ளைகளுக்கு தீங்கு செய்யிறவங்க அதிகமா தெரிஞ்ச ஆக்கள்தான், வெள்ளை வேன் காட்டிப் பயப்படுத்தி மட்டும் பிரயோசனமில்ல. மாமாக்கு கொஞ்சு, பெரியம்மாக்கு கொஞ்சு எண்டு வில்லங்கப்படுத்தாதீங்க, கை அசைச்சா போதும். ஆம்புளப் புள்ளைகளுக்கும் இதேதான். புள்ள வந்து சொன்னா ஏசாதீங்க, திரும்பத் திரும்பக் கிண்டிக் கேக்காதீங்க, புள்ள சொன்ன சொல்ல அப்பிடியே எழுதி வைங்க, அந்த ஆள்ட்ட நீங்களே போய் சண்டை பிடிக்கவும் வேணாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட 1929க்கு காசில்லாம எந்நேரமும் எடுக்கலாம், தமிழ்லயே கதைக்கலாம். பொலிஸ்ல சிறுவர் மகளிர் பிரிவும் இருக்கு.

இண்டைக்கு ராவைக்கு புள்ளைட அஞ்சு விரலையும் கேட்டுப் பாருங்க, அந்தப் பேருகள கொப்பியில எழுதி திங்கக்கிழமை குடுத்து விடுங்க.