முகத்தைப் பார்த்துக் கொடுத்த வேலைகள்

தலைமை ஆசிரியர் அவர்களே, என்னுடன் பணியாற்றிய ஆசிரியர்களே, அலுவலக நண்பர்களே, பெற்றோர்களே, வேலைக்கு விடுப்பு போட்டு வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருக்கும் இந்நாள் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என்னைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். அதில் பாதி எனக்கே புதுச் செய்தி. அதனால் விடைபெறும் இந்த நாளில், முகத்தைப் பார்த்து நாம் தப்பாக எடைபோட்ட சில பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. ரெண்டு பேர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். திரும்பித் தேட வேண்டாம்.

முதலில் ஒரு பையன். பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஆசிரியர்களைவிட உயரம், அரும்பு மீசை, புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. சின்ன வயதில் படியில் விழுந்த தழும்புதான். ஆனால் அந்தத் தழும்புக்கு ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். எங்கே ஜன்னல் கண்ணாடி உடைந்தாலும் முதல் விசாரணை அவனிடம்தான். அவனும் பழகிவிட்டான். கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவான்.

வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்வோம் இல்லையா? பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் அளவை எடுக்க வேண்டும். அடுத்தடுத்து எடுக்கும் அளவுகள் ஒத்துப்போக வேண்டும். பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். விடை எவ்வளவு வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கணக்கைப் பின்னாலிருந்து போட்டு, மூன்று இடத்திலும் ஒரே எண்ணை எழுதிவிடுவார்கள். கையெழுத்து மணி மணியாக இருக்கும். இவன் நோட்டில் 20.1, அடித்துவிட்டு 20.6, அப்புறம் 20.3. ஓரத்தில், 'இரண்டாவது முறை குழாயை மூடத் தாமதம்' என்று ஒரு குறிப்பு. பக்கத்துப் பையன் விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இவன் எழுதவில்லை. ஏன்டா என்று கேட்டேன். "எனக்கு வந்தது இதுதான் டீச்சர்" என்றான்.

அந்த ஒரு பக்கம் போதும் எனக்கு. யாரும் பார்க்காத இடத்தில், பொய் எழுதினால் மதிப்பெண் கூடும் என்று தெரிந்தும் எழுதாத பையன். அவனைத்தான் நாம் கண்ணாடி உடைத்தவனாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அவனுக்குக் குடிநீர் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. அவன் கையெழுத்துப் போட்ட தண்ணீர் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன்.

அடுத்தவன் நேர் எதிர். களையான முகம், மடிப்புக் கலையாத சட்டை, கணீரென்ற குரல். ஆய்வு அதிகாரி வந்தால் வரவேற்புரை இவன்தான். வகுப்புத் தலைவனும் இவன்தான். சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தை வைத்துக்கொள்வதும் இவன்தான். ஒருமுறை அந்தப் பணத்தில் கொஞ்சம் குறைந்தது. உடனே யாருடைய பையைச் சோதித்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? கடைசி பெஞ்சில் இருந்தவர்களின் பையை. ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணும்போது தவறியிருக்கும் என்று முடித்துவிட்டார்கள்.

பல வருடம் கழித்து அவன் என்னைப் பார்க்க வந்தான். உட்கார்ந்ததும் அதைத்தான் சொன்னான். அப்போது வீட்டில் பெரிய நெருக்கடியாம். "எடுத்தது நான்தான் டீச்சர். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். என்னை யாருமே கேட்கவில்லை." பை சோதிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறான். அழகான முகத்தால் லாபம் என்றுதான் நினைக்கிறோம். அவனுக்கு அதனால் போனதைப் பாருங்கள். வீட்டில் என்ன பிரச்சினை என்றுகூட அந்த வருடம் முழுவதும் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு பளிச்சென்று இருக்கும் பையனுக்குப் பிரச்சினை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இது நம் பள்ளியின் குறை மட்டும் இல்லை. 1920லேயே தார்ண்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளை எடுத்துப் பார்த்தார். உடல்தோற்றம், அறிவு, தலைமைப் பண்பு, குணம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண். ஆனால் ஒன்றில் உயர்ந்தவர் மற்றதிலும் உயர்ந்தே இருந்தார், நம்ப முடியாத அளவுக்கு. 1973ல் அமெரிக்காவில் ஆசிரியர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். மதிப்பெண் அட்டை ஒன்றேதான், ஒட்டிய புகைப்படம் மட்டும் வேறு வேறு. அழகான குழந்தையின் படம் இருந்த அட்டையைப் பார்த்தவர்கள், இந்தக் குழந்தைக்கு அறிவு அதிகம் என்றார்கள். பெற்றோரும் அக்கறையானவர்களாக இருப்பார்கள் என்றார்கள். பெற்றோரின் படம் அதில் இல்லை!

நாமும் 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்தவர்கள்தானே.

ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு. எப்போதும் கையில் சின்னக் கண்ணாடி. 'இது எங்கே படிக்கப் போகிறது, சிங்காரிக்கவே நேரம் போதாது' என்பதுதான் ஆசிரியர் அறையின் தீர்ப்பு. அவள் வகுப்பில் காது சரியாகக் கேட்காத ஒரு பிள்ளை இருந்தாள். நாங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதெல்லாம் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது; உதட்டைப் பார்க்க வேண்டுமே. சாப்பாட்டு இடைவேளையில் இவள் எதிரே உட்கார்ந்து, நாங்கள் சொன்னதையெல்லாம் வாயைத் தெளிவாக அசைத்துத் திரும்பச் சொல்லுவாள். ஒருநாள் அதைப் பார்த்தபோதுதான் அந்தக் கண்ணாடி எதற்கு என்று தெரிந்தது. தன் உதடு எப்படி அசைகிறது என்று பார்த்துப் பழகியிருக்கிறாள். சரி, பொட்டு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்திருப்பாள், அதில் என்ன தப்பு?

கறுப்பாக இருக்கிறாள் என்று நடனத்தில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பிள்ளைகள், குள்ளம் என்று அணிவகுப்பில் சேர்க்கப்படாதவர்கள் என்று பட்டியல் நீளம். அவர்கள் எல்லோரும் பெரிய ஆளாகிவிட்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. சிலர் ஆனார்கள், சிலர் ஆகவில்லை. பெரிய ஆளாகாவிட்டாலும் அவர்களைத் தள்ளியது தப்புதான்.

மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அங்க அடையாளம் என்ற இடத்தில் எவ்வளவு கவனமாக எழுதுகிறோம்! வலது முழங்கையில் மச்சம், இடது புருவத்தில் தழும்பு. ஒழுக்கமும் பண்பும் என்ற இடம் வந்தால் எல்லோருக்கும் ஒரே சொல்: நன்று. சட்டைக்குள் இருக்கும் மச்சம் தெரிந்த அளவுக்குக்கூட அந்தப் பிள்ளையைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம்.

என் இடத்துக்கு வரும் ஆசிரியைக்கு இரண்டு விஷயம். வகுப்புத் தலைவர் பொறுப்பை மாதம் ஒருவருக்குக் கொடுங்கள் அம்மா, வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே போகட்டும். முதல் இரண்டு மாதம் கூச்சலாக இருக்கும், தலைமை ஆசிரியர் பொறுத்துக்கொள்வார். அப்புறம், ஆய்வக அலமாரியில் மூன்றாம் எண் பியூரெட் கசிகிறது. அதில் அளவெடுத்த பிள்ளைக்கு எண் ஒத்துவராவிட்டால் திட்டிவிடாதீர்கள்.

எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.