கட்டுரை முன்மொழிவு: வின்ச் இழுக்கும் வலையில் அம்பாவுக்கு இடமுண்டா?

பெறுநர்: இதழாசிரியர்
பொருள்: கரைவலையும் அம்பாப் பாடலும் – ஏப்ரல் இதழுக்கான கட்டுரை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். “கரைவலை பற்றி ஒன்று எழுதலாமா? அம்பாப் பாட்டெல்லாம் இருக்கு, நல்லா வரும்” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். நீங்கள் முடிவெடுக்கத் தேவையான விபரங்களோடு அதையே இங்கு முறைப்படி தருகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கக் கரைகளில் ஆட்கள் கையால் இழுத்த கரைவலையை இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் இழுக்கிறது. தோளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வலை இழுக்கும்போது தொழிலாளர் பாடும் அம்பா பொழுதுபோக்குக்காகப் பாடப்பட்டதல்ல, அது வலையின் ஒரு கருவி. அந்தக் கருவி செய்த வேலையை இன்று எது செய்கிறது என்பதுதான் கட்டுரையின் கேள்வி. “அழிந்துவரும் கலை” என்ற புலம்பலாக இதை எழுதப்போவதில்லை.

கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்க்கும். நடுவில் மீன் சேரும் மடி, இருபுறமும் சிறகுவலை. இரண்டு அணிகள் இரு முனைகளையும் இழுத்தபடியே ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் மடியின் வாய் கோணும், பிந்திய பக்கத்தால் மீன் வெளியேறிவிடும். அடிக்கயிறு மணலை விட்டு எழும்பினாலும் அதே நட்டம்தான். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் “ஏலேலோ” என்று ஏற்கும் அந்தச் சொல்லில்தான் எல்லாக் கைகளும் சேர்ந்து இழுக்கும், அடுத்த அடி வரும்வரை கை ஓயும். மடி அலையடிக்கும் இடத்துக்கு வந்ததும் பாட்டு விரையும். அப்போது தாமதித்தால் மீன் துள்ளித் தப்பும். வின்சுக்கு இந்த ஓய்வு கிடையாது. இரண்டு இயந்திரங்களையும் சமமாக ஓட்டக் கைச்சைகையும் கூச்சலும்தான் துணை. வலை கடலடிப் பாரில் சிக்கினால் கை உடனே உணர்ந்து நிற்கும், இயந்திரம் கிழித்த பிறகுதான் நிற்கும்.

கட்டுரையின் பெரும்பகுதி ஒரே கரைவலைப் பாட்டில், ஒரே நாளில், வலை வளைப்பதிலிருந்து மீன் பங்கிடும்வரை நடக்கும். (பாடு என்பது வலை இழுக்கும் கரைத்துண்டு. வெளிமாவட்ட வாசகருக்காக முதற்பந்தியிலேயே இதை விளக்கிவிடுவேன்.) கணக்குக்குத் தனிப்பகுதி உண்டு. டீசலும் இயந்திர வாடகையும் செலவில் ஏறியபின் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் போகும் பங்கு எப்படி மாறியது, இழுக்கும் ஆட்கள் குறைந்ததால் யாருக்கு வேலை போனது என்பவற்றை அந்தக் கரைவலைப் பாட்டின் கணக்குக் கொப்பியை வைத்தே எழுதுவேன். கொப்பியைப் பார்க்கச் சம்மாட்டி சம்மதித்திருக்கிறார், பெயர் வெளியிடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. அம்பா பாடத் தெரிந்த மூத்த தொழிலாளர் இருவரும், வின்ச் ஓட்டும் இளைஞர் ஒருவரும், கரையில் நெத்தலி காயவைக்கும் பெண்களும் பேச இணங்கியுள்ளனர். கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்திடம் வின்ச் பாவனை பற்றி எழுத்தில் விளக்கம் கேட்பேன். பதில் வராவிட்டால் அதையும் கட்டுரையில் குறிப்பிடுவேன்.

ஏப்ரலைக் கேட்பதற்குக் காரணம் கடல்தான். வாடைக்காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் கரைவலை வளைக்க முடியாது. மார்ச்சில் கடல் தணிந்து தொழில் தொடங்கும்போதுதான் களவேலை செய்யலாம். பழைய படங்களை வைத்து முன்கூட்டியே எழுதித் தருவதை நான் விரும்பவில்லை.

நீளம் 1,800 சொற்கள். ஒளிப்படங்கள் 8, எல்லாம் அச்சுக்கேற்ற தெளிவில், ஒவ்வொன்றுக்கும் குறிப்புடன். வலையின் பாகங்களைக் காட்டும் கோட்டுப்படம் ஒன்று. அம்பா வரிகள் பன்னிரண்டுக்கு மேல் போகா. பாடியவரின் எழுத்துச் சம்மதம் கையில் இல்லாமல் ஒரு வரியும் அச்சுக்கு வராது. ஒலிப்பதிவை அலையோசை கெடுத்துவிடும் என்பதால் பாடலை இழுவையின்போது ஒருமுறையும், பின்னர் தொழிலாளர் தங்கும் வாடிக்குள் ஒருமுறையும் பதிவுசெய்து, இரண்டையும் ஒப்பிட்டே வரிகளை எழுத்தாக்குவேன். கையெழுத்துப்படி மார்ச் 25 அன்று உங்களிடம் இருக்கும். இடம் போதாவிட்டால் கணக்குப் பகுதியைப் பெட்டிச் செய்தியாகச் சுருக்கலாம், இழுவைப் பகுதியைச் சுருக்கினால் கட்டுரை நிற்காது.

திருகோணமலையில் இருந்துகொண்டு கடற்றொழில், சந்தை விடயங்களை எழுதிவருகிறேன். அச்சில் வந்த இரண்டு கட்டுரைகளை இணைத்துள்ளேன். இந்த முன்மொழிவை வேறெந்த இதழுக்கும் அனுப்பவில்லை. மதிப்பூதியம் உங்கள் வழமைப்படி இருக்கட்டும். குச்சவெளிப் போக்குவரத்துச் செலவை மட்டும் தனியே தர முடியுமா என்று அறியத்தரவும்.

பெப்ரவரி 20க்குள் பதில் கிடைத்தால், முதல் வலை வளைக்கும் நாளைச் சம்மாட்டியிடம் கேட்டு உறுதிசெய்துகொள்வேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் திருகோணமலைக் கட்டுரையாளர்
உப்புவெளி