சேமிப்பில் கை வைப்பதற்கு முன் இருபத்தொரு நாள்கள்

மன்றத் தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

துறையூரில் இட்லி மாவு வியாபாரம் தொடங்கப் போவதாகவும், மூவருமாகச் சேர்த்து வைத்திருக்கும் 1,80,000 ரூபாயில் பெரிய கிரைண்டர் வாங்கிக் கடை பிடிக்கப் போவதாகவும் உங்களில் மூன்று பேர் என்னிடம் கூறினீர்கள். நல்ல தொழில்தான். ஆனால், எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே தொழிலுக்காக முதல் நாளிலேயே இயந்திரமும் முன்பணமும் கொடுத்து, ஏழு மாதங்களில் என் சேமிப்பு முழுவதையும் இழந்தவன் நான். என் மாவில் குறையில்லை. எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதைப் பார்க்காமலேயே தொடங்கியதுதான் தவறு.

அந்தக் கேள்விக்கு 6,000 ரூபாயில் விடை காணலாம். அதற்கு இருபத்தொரு நாள்கள் போதும். வீட்டில் இருக்கும் கிரைண்டரில் நாளொன்றுக்கு மூன்று கிலோ இட்லி அரிசியும் முக்கால் கிலோ உளுந்தும் ஆட்டினால் ஏறத்தாழ எட்டு கிலோ மாவு கிடைக்கும். அதை அரைக் கிலோ கவர்களாகக் கட்டி, நீங்கள் பின்னாளில் விற்க நினைக்கும் அதே விலைக்கு, இரண்டு தெருக்களில் மட்டும் விற்றுப் பாருங்கள். சோதனைதானே என்று இலவசமாகக் கொடுக்காதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். இலவசமாக வாங்கியவர் "அருமை" என்றுதான் சொல்வார். உறவினர் வாங்குவதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ஏனெனில் அவர்கள் வாங்குவது உங்களுக்காகவே அன்றி மாவுக்காக அல்ல.

குறிப்பேட்டில் நான் முதலில் பார்க்க விரும்புவது மொத்த விற்பனையை அல்ல. முதல் வாரம் வாங்கியவர்களில் எத்தனை பேர் மூன்றாவது வாரமும் வாங்கினார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். புதிதாக வந்த பொருளை எல்லோரும் ஒருமுறை வாங்கிப் பார்ப்பார்கள். எனக்கும் முதல் பத்து நாள்கள் கவர்கள் போதவில்லை. அந்தக் கூட்டத்தைப் பார்த்து மயங்கித்தான் வேலைக்கு இன்னோர் ஆளையும் வைத்தேன். அமாவாசை, கிருத்திகை போன்ற நாள்களில் இரவில் பலகாரம் செய்யும் வீடுகள் மிகுதி என்பதால் விற்பனை ஏறும். அந்நாள்களின் கணக்கைச் சாதாரண நாள்களோடு கலக்காமல் எழுதுங்கள். புளித்துத் திரும்பி வரும் கவர்களையும் மறைக்காமல் எழுத வேண்டும், குறிப்பாக வெயில் காலத்தில்.

இப்போது கணக்குக்கு வருவோம். அரிசி கிலோ 48 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன அளவுக்கு 249 ரூபாய் ஆகும். உப்பு, வெந்தயம், மின்சாரத்துக்கு 7 ரூபாய், பதினாறு கவர்களுக்கு 24 ரூபாய். ஆக 280 ரூபாய், அதாவது மாவு கிலோவுக்கு 35 ரூபாய் அடக்கம். நேரடியாக 50 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 15 ரூபாய் மிஞ்சும். மளிகைக் கடைக்கு 42 ரூபாய்க்குப் போட்டால் மிஞ்சுவது 7 ரூபாய் மட்டுமே. ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் வருமானம் வேண்டுமானால், நேரடி விற்பனையில் நாளொன்றுக்கு 33 கிலோவுக்கு மேலும், கடைகள் வழியாக 71 கிலோவுக்கு மேலும் விற்றாக வேண்டும். நீங்கள் மூன்று பேர். கடை வாடகையை இன்னும் சேர்க்கவே இல்லை. எந்த வழியில் விற்பது என்பதே இங்கு முதல் முடிவு. கிரைண்டரின் அளவு அதற்குப் பிந்தையது. கடைக்காரர் "வைத்துவிட்டுப் போ, விற்றால் தருகிறேன்" என்பதை விற்பனையாக எழுதிவிடாதீர்கள். காசு கைக்கு வந்த பின்னரே அது விற்பனை.

சோதனைதான் என்றாலும், விற்பது உணவுப்பொருள். ஆகவே 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துவிட்டே தொடங்குங்கள். வீட்டு முகவரியிலேயே பதியலாம்.

மானியக் கடன் கிடைக்கும்போது சோதனை எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத்தொகை உங்கள் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். ஆகவே அந்தக் கடனுக்கும் இந்தக் குறிப்பேடுதான் அடிப்படை.

தொடங்குவதற்கு முன் மூவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்: மூன்றாவது வாரத்தில், உறவினர் அல்லாத இருபது வீடுகளாவது மறுபடி வாங்கியிருந்தால் மேலே செல்வோம், குறைந்தால் நிறுத்துவோம். இருபது என்பது இரண்டு தெருக்களை வைத்து நான் சொல்லும் எண். நீங்கள் பேசி மாற்றலாம், ஆனால் விற்பனை தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது. நடுவில் மனம் ஆசைப்படும், அல்லது சோர்ந்துபோகும். அப்போது அந்தத் தாள்தான் பேச வேண்டும். 6,000 ரூபாய் தீர்ந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு இதே மன்றத்தில் இருப்பேன். குறிப்பேட்டை எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். நன்றி.