பேருந்து பாஸ் செயலி: தோட்டத்துப் பெரியவர்களுக்கான படக் கையேடு

படம் 1: கைப்பேசியில் பேருந்துப் படமுள்ள நீலக் கட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுள்ளேன். அதை ஒருமுறை மெதுவாகத் தொட்டு விரலை எடுத்துவிடுங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் செயலி திறக்காது, வேறு பட்டியல்தான் வரும். பல ஆண்டுகள் பால் வெட்டிக் காய்த்துப்போன விரலைத் திரை சில வேளைகளில் உணராது என்பதால், ஈரத்துணியில் விரலைத் துடைத்துவிட்டுத் தொடலாம்.

படம் 2: "Log Masuk" என்பதைத் தொட்டு, உங்கள் கைப்பேசி எண்ணைப் பதியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணை அடுத்த கட்டத்தில் பதிய வேண்டும். இந்த எண்ணைத் தொலைபேசியில் யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், சொல்லவே சொல்லாதீர்கள்.

படம் 3: "Pas Saya" என்பதைத் தொட்டால் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறி தோன்றும், அதுவே உங்கள் பாஸ். பேருந்து வருவதற்கு முன்பே அதைத் திறந்து, வெயிலில் மங்கலாகத் தெரியாதபடி திரை வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டு, ஏறியதும் ஓட்டுநர் அருகிலுள்ள கருவியின் கண்ணாடிக்கு நேரே ஒரு சாண் தள்ளிக் காட்டுங்கள். "பீப்" என்ற ஒலி கேட்ட பிறகு உட்காரலாம்.

மைகார்டைக் கட்டாயம் உடன் வைத்திருங்கள். சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலை கோயில் பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வாருங்கள். கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்து கொண்டுவந்தால் நல்லது.