நங்கநல்லூர் வீட்டுப் பால்

அன்புள்ள கவி, செந்தில், யாழினிக் குட்டி,

வியாழக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் பால் காய்ச்சுகிறீர்கள் என்று செய்தி வந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இண்டக்‌ஷன் அடுப்புதான். வேளச்சேரி வீட்டுக்குப் போன அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வந்து சேரவில்லை. அடுப்பில் பால் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு ஏழு பேர் சுற்றி நின்றோம். பால் விளிம்பு வரைக்கும் ஏறும், 'பீப்' என்று சொல்லி அடுப்பு தானே அணைந்துவிடும், பால் இறங்கிவிடும். மூன்று தடவை இதே கதை. கடைசியில் செந்திலின் அம்மா கரண்டியால் கொஞ்சம் பாலை அள்ளி விளிம்பில் வழியவிட்டு, "பொங்கிருச்சு, எல்லாரும் பார்த்துக்குங்க" என்றார்கள். அப்படிப் பொங்கின வீட்டில்தான் நாலு வருஷம் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள்.

இந்தத் தடவை கேஸ் முன்கூட்டியே மாறிவிட்டதாம், நல்லது. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள். அதுதான் நன்றாகப் பொங்கும்.

ஆடி முடியட்டும் என்று அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தீர்களே, அந்தப் பொறுமைக்கே இந்த வீடு உங்களுக்கு நல்லது செய்ய வேண்டும். கவி வீடியோவில் சுற்றிக் காட்டியபோது எனக்குப் பிடித்தது அந்தச் சமையலறை ஜன்னல். காலை வெயில் நேராகப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுகிறது. சோம்பலாக எழுந்தாலும் அங்கே நின்றால் தூக்கம் போய்விடும். அப்புறம் ஹால் கூரையில் இருக்கும் இரும்புக் கொக்கி. முன்பு இருந்தவர்கள் தூளி கட்டியிருப்பார்கள். ஹவுஸ் ஓனர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றுதானே சொன்னார், கொக்கியில் ஊஞ்சல் கட்டக் கூடாது என்று சொல்லவில்லையே! ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டிவிடுங்கள். யாழினி அதில் ஆடிக்கொண்டே தலைக்கு மேல் போகிற விமானங்களை எண்ணட்டும். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது, அவளுக்கு எண்ணிக்கை சீக்கிரம் வந்துவிடும்.

அந்த வீட்டில் உங்களுக்குத் தண்ணீர் தட்டில்லாமல் வரட்டும். மோட்டார் போடுவது யார் முறை என்று மாடிப்படியில் பேச்சு வளராமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைக்கிற அளவுக்கு ஒரு நல்ல மனிதர் அமையட்டும். செந்தில் வேலை முடிந்து பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும்போது, இரண்டாம் மாடியில் விளக்கு எரிவது தெருமுனையிலேயே தெரியட்டும். கவி, உன் புத்தகங்கள் இந்தத் தடவையாவது பெட்டியை விட்டு வெளியே வரட்டும். வேளச்சேரியில் இரண்டு பெட்டி கடைசி வரைக்கும் பிரிக்கப்படவே இல்லை, நான் பார்த்தேன். சண்டை போடுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தோடு வருகிற பாத்திரத்தில்தான் பால் காய்ச்ச வேண்டும், சொல்லிவிட்டேன். இங்கே பெரிய கடை வீதியில் வாங்கியது. ஒரு லிட்டர் பிடிக்கும், அடி கனம். பெயர் வெட்டுகிறவர், "திருமணப் பரிசா, சீரா, என்னம்மா போடணும்?" என்று கேட்டார். சிநேகிதி புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள் என்றேன். "அப்போ யார் கொடுத்ததுன்னு போடணுமே" என்றார். வேண்டாம் என்று சொல்லி, 'யாழினி வீட்டுப் பால்' என்று வெட்டச் சொன்னேன். அந்தக் குட்டி மெஷின் டுர்ர்ரென்று ஓடி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 'ழி' மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. மாற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். யாழினியும் அப்படித்தானே எழுதுகிறாள்.

அன்றைக்குக் காலையில் என்னால் வர முடியவில்லை, பெரியவனுக்குப் பள்ளியில் தேர்வு. வெள்ளி ராத்திரி ராக்போர்ட்டில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துச் சனிக்கிழமை காலையிலேயே வந்து நிற்பேன். வாசலில் கோலம் போட்டு வை. எந்த வீடு என்று தேட வேண்டியிருக்காது. டிகாக்‌ஷனை நான் வந்த பிறகு இறக்கினால் போதும். சாயந்திரம் எல்லோருமாக ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போய்விட்டு வரலாம். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயரை யாழினி அண்ணாந்து பார்க்கிறதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் புது வீட்டுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்தும்.

அன்புடன்,
மலர்
தில்லை நகர், திருச்சி