உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும் தேங்காய் எண்ணெய்க் குளியல் சோப்பு – 100 கிராம்

![சிரட்டைக் கிண்ணத்தில் வைத்த வெளிர் பால் நிறச் சோப்புக் கட்டி, பக்கத்தில் உரித்த தேங்காயும் ஒரு கைப்பிடி எலுமிச்சைப்புல்லும்](/photos/thengai-soap-100g.jpg)

படத்தில் இருப்பது விற்பனைக்கு எடுத்துவைத்த கட்டிகளில் ஒன்றுதான். காலை வெளிச்சத்தில் எடுத்தோம், நிறம் கூட்டவில்லை. ஓரத்தில் தெரியும் சிறு சிதைவு கத்தி பட்ட இடம். உங்களுக்கு வரும் கட்டியிலும் அப்படி ஒன்று இருக்கலாம்.

ஒரு கட்டி: ₹120
மூன்று கட்டிகள்: ₹330
ஆறு கட்டிகள்: ₹630 (அஞ்சல் செலவு இல்லை)
எல்லா வரிகளும் உள்பட.

[இப்போதே ஆர்டர் செய்ய](/order/thengai-soap-100g)

குளச்சல், முட்டம், பள்ளம், ராஜாக்கமங்கலம் துறை என்று நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கரிக்கும் வீடுகளில் எந்தச் சோப்பைத் தேய்த்தாலும் நுரை எழும்பாது. உடம்பில் பிசுபிசுப்பாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், வாளியின் உட்புறம் வெள்ளையாக வளையம் கட்டும். கடலுக்குப் போய் வந்தவர்கள் மீன் வாடை போகத் தேய்த்துத் தேய்த்துப் பாதிச் சோப்பைத் தண்ணீரில் கரைப்பதை எங்கள் வீடுகளிலேயே பார்த்து வளர்ந்தோம். அந்தத் தண்ணீருக்காகவே இந்தச் சோப்பைச் செய்தோம்.

கடினத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசினாக மாறிவிடுகிறது. உடம்பில் ஒட்டும் படலமும் வாளியில் படியும் வளையமும் அதுதான். தண்ணீரில் உப்பும் சேர்ந்திருந்தால், பெரும்பாலான எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் செய்த சோப்பு கரையவே மறுக்கும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இதில் வேறுபடும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து பிறக்கும் சோப்பு எளிதில் கரையும், உப்பு நீரிலும் நுரைக்கும். கடல் நீரில் குளிக்க வேண்டியிருந்த கப்பல் மாலுமிகளுக்கு முன்பு தேங்காய் எண்ணெயில்தான் சோப்பு செய்து கொடுத்தார்கள். தென்னை சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு நாம் வேறு எண்ணெயைத் தேட வேண்டியதில்லை.

கடினத் தண்ணீரில் படலமே வராது என்று சொல்ல மாட்டோம். குறைவாக வரும், நன்றாக அலசினால் போய்விடும்.

எதில் செய்கிறோம்

எண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கு தேங்காய் எண்ணெய். ஈத்தாமொழிப் பக்கத்து விளைகளில் இறக்கிய தேங்காயை வெட்டிக் காயவைத்து, கொப்பரையாக்கி, செக்கில் ஆட்டி வாங்குகிறோம். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். காய் பெரிது, பருப்பு தடிமன். மீதி இருபதில் பன்னிரண்டு பங்கு நல்லெண்ணெய், எட்டுப் பங்கு ஆமணக்கு எண்ணெய். தேங்காய் எண்ணெயின் நுரை பெரிதாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். ஆமணக்கு எண்ணெய் அதைப் பிடித்து நிறுத்தும். நல்லெண்ணெய் மென்மைக்கு.

பிறகு தண்ணீர், காஸ்டிக் சோடா, மணத்துக்கு எலுமிச்சைப்புல் தைலம். இவ்வளவுதான். நிறம், செயற்கை வாசனை, பாமாயில் எதுவும் சேர்ப்பதில்லை.

காஸ்டிக் சோடா என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று விற்பவர்களால் வந்த குழப்பம் இது. காரம் இல்லாமல் எண்ணெய் சோப்பாகாது. அது எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் அப்படித்தான். முன்பு சாம்பல் கரைத்த நீரிலிருந்து காரத்தை எடுத்தார்கள். எண்ணெயும் காரமும் வினைபுரிந்து முடிந்தால் சோப்பும் கிளிசரினும் மிஞ்சும், காரம் மிஞ்சாது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு அழுக்கை நன்றாக எடுக்கும், கவனமில்லாமல் செய்தால் தோலையும் வறட்டிவிடும். அதனால் எண்ணெயில் 15 சதவீதம் சோப்பாக மாறாமல் எண்ணெயாகவே நிற்கும்படி காரத்தைக் குறைத்து அளக்கிறோம். பெரிய ஆலைகள் கிளிசரினைத் தனியே பிரித்தெடுத்து விற்பது வழக்கம். எங்கள் கட்டியில் அது உள்ளேயே இருக்கிறது.

எப்படிச் செய்கிறோம்

சூடேற்றிக் காய்ச்சாமல், எண்ணெயையும் காரக் கரைசலையும் ஆறவைத்துக் கலந்து அச்சில் ஊற்றும் முறை. தேங்காய் எண்ணெய் கூடுதலாக இருப்பதால் வேகமாக இறுகும். மறுநாள் சாவகாசமாக வெட்டலாம் என்று விட்டால் கத்தி வைத்த இடத்தில் பொடிந்துபோகும். மாலை ஊற்றினால் விடியற்காலையில் எழுந்து வெட்டியாக வேண்டும். வெட்டிய கட்டிகளை மரச் சட்டங்களில் இடைவெளி விட்டு அடுக்கி ஆறு வாரம் காயவைக்கிறோம். அதற்குள் தண்ணீர் வற்றி, கட்டி கெட்டிப்பட்டு, தோலுக்கு மென்மையாகிறது. அவசரமாக விற்ற சோப்பு குளியலறையில் கூழாகிவிடும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. அந்த மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும், ஆறு வாரம் போதாது. மின்விசிறி ஓடினாலும் எட்டு வாரம் வரை ஆகிறது. அதனால் மழைக்காலத்தில் இந்தப் பக்கத்தில் "இருப்பு இல்லை" என்று பார்த்தால் காரணம் அதுதான். காயாததை அனுப்ப மாட்டோம். ஒவ்வோர் ஈட்டிலும் ஒரு கட்டியை எடுத்துக் காரம் சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே மற்றவற்றைப் பொதிகிறோம்.

மழை நாளில் சோப்பின் மேல் சிறு நீர்த்துளிகள் அரும்பினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் அப்படி வியர்க்கும். துணியால் ஒற்றிவிட்டுப் பயன்படுத்தலாம்.

எதைச் செய்யும், எதைச் செய்யாது

உடம்பைச் சுத்தமாக்கும், வியர்வை நாற்றமும் மீன் வாடையும் போகும், குளித்தபின் எலுமிச்சைப்புல்லின் மணம் கொஞ்ச நேரம் நிற்கும்.

நிறத்தை வெளுக்க வைக்காது. நம் தோலின் நிறத்தில் குறை ஒன்றும் இல்லை. அதை மாற்றுவதாகச் சொல்லி ஒரு கட்டியைக்கூட விற்க மாட்டோம். படை, சொறி, கரப்பான் இவற்றுக்கு இது மருந்தும் அல்ல. அவற்றுக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

தலைக்குப் போடச் சொல்லவில்லை. உண்மையான சோப்பு எதுவும் காரத்தன்மை உள்ளதுதான். அதுவும் கடினத் தண்ணீரில் முடி சிக்குப் பிடித்துச் சொரசொரவென்று ஆகிவிடும். தலைக்குச் சீயக்காய் இருக்கிறது.

முகத்துக்கு? எண்ணெய்ப் பசை உள்ள தோலுக்குச் சரி. வறண்ட தோலாக இருந்தால் உடம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் முறை பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தேய்த்து ஒரு நாள் பார்க்கவும். எள் ஒவ்வாதவர்கள் வாங்க வேண்டாம், இதில் நல்லெண்ணெய் இருக்கிறது. எலுமிச்சைப்புல் தைலமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் மணமில்லாத கட்டி இதே விலையில் தனியாக இருக்கிறது. ஆர்டர் பக்கத்தில் "மணமில்லாதது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தோவாளை மல்லிகை மணத்தில் ஒன்று செய்யக்கூடாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஆசை எங்களுக்கும் உண்டு. ஆனால் மல்லிகைப் பூவை அரைத்துச் சேர்த்தால் காரத்தில் பழுப்பாகிவிடும், மணமும் நிற்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மல்லிகை வாசனை பெரும்பாலும் பூவிலிருந்து வந்ததே அல்ல. அதை ஊற்றிவிட்டு அட்டையில் தோவாளைப் பூ படம் போட எங்களுக்கு மனம் வரவில்லை.

வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது

தண்ணீர் தேங்கும் சோப்புப் பெட்டியில் வைத்தால் கையால் செய்த எந்தச் சோப்பும் சீக்கிரம் கரையும். அடியில் ஓட்டை போட்ட சிரட்டைக் கிண்ணம் நல்லது. மூன்று கட்டிகளுக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஒரு சிரட்டை இலவசமாக வைத்து அனுப்புகிறோம். காய வைத்துப் பயன்படுத்தினால் ஒருவருக்கு ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மாதம் வரும். மலையோரம், குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் மென்மை. அங்கே லேசாகத் தேய்த்தாலே போதும், இன்னும் சில நாள் கூட வரும்.

தேங்காய்த் தும்பில் செய்த தேய்ப்பான் (₹40) வேண்டுமென்றால் ஆர்டரோடு சேர்த்துக்கொள்ளலாம். முதுகுக்கும் குதிகாலுக்கும் நல்லது, முகத்தில் தேய்க்காதீர்கள்.

விலை பற்றி

மளிகைக்கடைச் சோப்பைவிட இது அதிகம், தெரிந்துதான் வைத்திருக்கிறோம். செலவில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெய். 2025இல் அதன் விலை தாறுமாறாக ஏறியபோது பாமாயில் கலந்து பழைய விலைக்கே கொடுக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். பாமாயில் கூடினால் உப்புத் தண்ணீரில் நுரை போய்விடும். பிறகு இந்தச் சோப்பை வாங்க யாருக்கும் காரணமே இருக்காது. விலையைத்தான் ஏற்றினோம். எண்ணெய் விலை இறங்கி நிலைத்தால் இங்கேயும் குறைப்போம்.

அனுப்புவது, மாற்றித் தருவது

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அஞ்சல் செலவு ₹60, மற்ற மாநிலங்களுக்கு ₹90. திங்கள், வியாழன் இரண்டு நாளும் விரைவு அஞ்சலில் அனுப்புகிறோம். காகிதத்தில் சுற்றி அட்டைப்பெட்டியில் வரும். பிளாஸ்டிக் உறை இல்லை. பெட்டியில் ஈட்டு எண், தயாரித்த தேதி, நிகர எடை, சேர்மானம், உரிம எண், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்டிருக்கும். தயாரித்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள். நாள்பட்டால் கெட்டுப்போவதைவிட மணம் குறைவதுதான் முதலில் தெரியும்.

உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் ஒரு படம் எடுத்து ஆர்டர் எண்ணோடு அனுப்புங்கள், வேறு கட்டி அனுப்புகிறோம். உடைந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாம். தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாதி பயன்படுத்தியிருந்தாலும் பணம் திரும்ப வரும்.

யு.பி.ஐ. மூலமோ, பொருள் கையில் கிடைத்தபின் பணமாகவோ செலுத்தலாம். நாகர்கோவில், ஈத்தாமொழி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் ஆர்டர் பக்கத்தில் "நேரில் வாங்கிக்கொள்கிறேன்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அஞ்சல் செலவு கிடையாது. எங்கே, எப்போது வரலாம் என்று செய்தி வரும்.

[100 கிராம் கட்டி – ஆர்டர் செய்ய](/order/thengai-soap-100g)
[மணமில்லாத கட்டி – ஆர்டர் செய்ய](/order/thengai-soap-manamillathathu)