தலையங்கம்: மின் விலைப்பட்டியல் பயிற்சி கட்டாயமாகவே இருக்கட்டும்

2024 ஆகஸ்டு 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை, படிப்படியாகச் சிறிய வணிகங்களை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. விற்பவர் அனுப்பும் பட்டியலை வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் சரிபார்த்த பின், வாங்கியவர் அதை நிராகரிக்கக் கோரவோ, விற்றவர் ரத்து செய்யவோ 72 மணி நேரமே உண்டு. அதன் பிறகு தெரியவரும் பிழைக்கு வரவுக் குறிப்போ பற்றுக் குறிப்போ தனியே எழுதியாக வேண்டும். மாதக் கடைசியில் ரசீதுகளைப் பையோடு கொண்டுவந்து கொட்டும் கடைக்காரருக்கு இதை விளக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே, கணக்காளர்களான நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை இப்பயிற்சியை முடித்தாக வேண்டும் என்ற செயற்குழுவின் தீர்மானத்தை இவ்விதழ் தயக்கமின்றி ஆதரிக்கிறது.

பினாங்கு உறுப்பினர்கள் சிலர் இதை எதிர்த்து எழுதியுள்ளனர். அவர்கள் சோம்பலால் எதிர்க்கவில்லை (அப்படியொரு பேச்சு அடிபடுகிறது; அது நியாயமன்று). தனி ஆளாக அலுவலகம் நடத்துபவர், ஜூன் 30 வரிப் படிவக் கெடு நெருங்கும் வேளையில் கோலாலம்பூர் வந்து போனால், அன்றைய வேலையும் நிற்கிறது, கட்டணமும் கையைக் கடிக்கிறது. கட்டாயம் என்ற கொள்கையை இது தளர்த்தாது என்பதே எம் கருத்து. ஆனால் பயிற்சியை ஜார்ஜ்டவுனிலும், கெடு முடிந்த பிறகும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை முற்றிலும் சரியானது, செயற்குழு அதை ஏற்க வேண்டும். பயிற்சியை அவரவர் விருப்பத்துக்கு விடலாம் என வாதிடும் அவர்களது கடிதம், ஒரு வரிகூட வெட்டப்படாமல் அடுத்த பக்கத்தில் வெளியாகிறது; பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன் முதலில் பேசும் வாய்ப்பும் அவர்களுக்கே தரப்படும்.